ஒரே களத்தில் பலதிறத்தார்



ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் நமக்கு எழுதியுள்ள மடலே இத்திங்கள் இப்பகுதிக்குப் பொருளாகின்றது. தம் ஊர்ப் பள்ளித் திடலில், வாரம் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, அக்கம்பக்கத்தார் பன்னிருவரைச் சேர்த்து அவர் உடற்பயிற்சி முகாம் நடத்தி வருகின்றார். இளைஞர்கள் அதற்குப் 'பூட் கேம்ப்' என்று பெயரும் சூட்டிவிட்டார்களாம். முதல் வாரத்தில் பன்னிருவரும் வந்தனர். மூன்றாம் வாரத்தில் எண்மரே வந்தனர். நின்றுவிட்ட நால்வர் யாரெனில், முழங்கால் வலியுள்ள அறுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர், பிள்ளை பெற்று ஆறு மாதமான இளந்தாய் ஒருவர், இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்ளும் கடைக்காரர் ஒருவர், உடல் கனத்த அம்மையார் ஒருவர். "பயிற்சி யாருக்கு மிகுதியும் வேண்டுமோ அவர்களே போய்விட்டார்கள். எளிதாக்கினால் கால்பந்து ஆடும் பையன்கள் போய்விடுவார்கள். இரு சாராரையும் ஒரே களத்தில் வைத்திருக்க வழி உண்டா?" என்று கேட்கின்றார்.

வழி உண்டு. அவர் அனுப்பியுள்ள பயிற்சிப் பட்டியலைப் பார்த்தோம். எல்லோருக்கும் இருபது தண்டால், முப்பது பஸ்கி, திடலைச் சுற்றி இரண்டு ஓட்டம் என்று எழுதியிருக்கின்றது. சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது. எண்ணிக்கையை நிலையாக வைத்தால் வலியவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பார். எளியவரோ, பன்னிரண்டு கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஏழாவது தண்டாலில் தவிப்பார். நான்காம் நாள் அவர் வரமாட்டார். சோம்பலன்று காரணம், கூச்சமே. ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தை நிலையாக வைக்க வேண்டும். நாற்பது வினாடி என்றால் எல்லோருக்கும் நாற்பது வினாடி. ஊதல் ஒலித்ததும் எல்லோரும் ஒருங்கே நிறுத்துவர். அதற்குள் ஒருவர் பதினான்கு முறை செய்தார், மற்றவர் ஒன்பது முறை செய்தார் என்பது அவரவர்க்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

இம்முறை புதியதன்று. 'பூட் கேம்ப்' என்ற பெயர் அமெரிக்கப் படைகளில் புதிதாய்ச் சேர்வோரைப் பழக்கும் முகாமிலிருந்து வந்தது. ஆயினும் இன்று ஊர்த்திடல்களில் நடக்கும் கூட்டுப் பயிற்சியின் உண்மையான மூதாதை 1953இல் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்னும் இருவர் வகுத்த சுற்றுமுறைப் பயிற்சியே. களத்தைச் சுற்றிப் பல இடங்களில் பல பயிற்சிகளை அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்லும் முறை அது. படைமுகாமின் கருத்து எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பது. சுற்றுமுறையோ ஒவ்வொருவரையும் தம் அளவில் உழைக்கவிடுவது. நம் ஆசிரியர் முன்னதன் பெயரோடு அதன் கருத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டார் போலும்.

பயிற்சி நடைபெறும் ஒவ்வோர் இடத்தையும் 'நிலையம்' என்போம். பன்னிருவருக்கு ஆறு நிலையங்கள் போதும், நிலையத்திற்கு இருவர். ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு பயிற்சியை வரையறுப்பதைவிட ஓர் அசைவை வரையறுப்பதே முறை. 'தண்டால்' என்று எழுதாமல் 'கைகளால் தள்ளுதல்' என்று எழுதுக. அந்த அசைவை எளிதிலிருந்து கடினத்திற்கு நான்கு படிகளாக்குக. அப்போது ஒரே நிலையத்தில் பெரியவரும் பையனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே அசைவை, வெவ்வேறு படியில் செய்யலாம்.

தள்ளுதலையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதற்படியில் சுவரில் கையூன்றித் தள்ள வேண்டும். இரண்டாம் படிக்கு இரண்டடி உயரமுள்ள திண்ணை அல்லது மேசை வேண்டும். மூன்றாம் படிக்கு ஓரடி உயரமுள்ள உறுதியான பெஞ்சு போதும். நான்காம் படி தரை. கைகள் உயர உயரச் சுமை குறைகின்றது. இதை அளந்தும் பார்த்திருக்கின்றார்கள். தரையில் தண்டால் எடுக்கும்போது கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ 64 விழுக்காடு. ஓரடி உயரத்தில் 55. இரண்டடி உயரத்தில் 41. இவற்றைக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம். எண்பது கிலோ எடையுள்ள கடைக்காரர் இரண்டடித் திண்ணையில் கையூன்றினால் தாங்குவது ஏறத்தாழ 33 கிலோ. அறுபது கிலோ எடையுள்ள இளந்தாய் ஓரடிப் பெஞ்சில் கையூன்றினால் தாங்குவதும் அதே 33 கிலோ. பார்ப்பவர் கண்ணுக்குக் கடைக்காரர் எளிய படியில் நிற்பதாகத் தோன்றும். கைகள் செய்யும் வேலையோ ஒன்றே. இந்தக் கணக்கை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுவது நல்லது. கூச்சத்திற்கு இதைவிடச் சிறந்த மருந்து நமக்குத் தெரியவில்லை.

முழங்காலைத் தரையில் ஊன்றிச் செய்யும் தண்டாலைச் சிலர் எளிய படியாக வைப்பர். அதில் ஏறத்தாழ 49 விழுக்காடு எடை கைகளுக்கு வரும். நாம் அதை விரும்புவதில்லை. முழங்கால் வலியுள்ளோர் தரைக்கு இறங்கி எழவே வருந்துவர். மேலும் திண்ணையில் செய்பவர் தலை முதல் குதிகால் வரை உடலை ஒரே கோடாக வைத்துப் பழகுகின்றார். கை ஊன்றும் உயரம் தாழத் தாழ அதே வடிவத்தோடு தரைக்கு வந்து சேர்கின்றார்.

இனி ஆறு நிலையங்களையும் அவற்றின் வரிசையையும் சொல்வோம். முதல் நிலையம் உட்கார்ந்து எழுதல். கைப்பிடியுள்ள நாற்காலியில் கையூன்றி எழுவது, கையூன்றாமல் பெஞ்சிலிருந்து எழுவது, பெஞ்சு இன்றிப் பஸ்கி எடுப்பது, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை மார்போடு அணைத்துப் பஸ்கி எடுப்பது என்பன அதன் படிகள். இரண்டாவது நிலையத்தில் தூணில் கட்டிய ரப்பர்ப் பட்டையை நெஞ்சை நோக்கி இழுக்க வேண்டும். மூன்றாவது, படிக்கட்டு ஏறி இறங்குதல். இயலாதார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காலுயர்த்தி நடப்பர். நான்காவது, மேலே சொன்ன தள்ளுதல். ஐந்தாவது, இரு கைகளிலும் தண்ணீர்க் கேன்களைத் தொங்கவிட்டுப் பத்து மீட்டர் தொலைவு போய் வருதல். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால், கேனில் எவ்வளவு நிரப்புகின்றோமோ அவ்வளவே எடை. எடைக்கல் வாங்க வேண்டியதில்லை. ஆறாவது, நடுவுடலுக்குரியது. விரிப்பில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து உயர்த்தி, ஒவ்வொரு குதிகாலாக மெல்லத் தரையைத் தொட்டு மீட்க வேண்டும். தரைக்கு இறங்க இயலாதார் நாற்காலியின் முன்விளிம்பில் நிமிர்ந்து அமர்ந்து ஒவ்வொரு முழங்காலாக உயர்த்துவர்.

வரிசைக்குக் காரணம் உண்டு. கால், கை, கால், கை என்று மாறி மாறி வருவதால் ஒன்று உழைக்கும்போது மற்றொன்று இளைப்பாறுகின்றது. இழுத்தலையும் கேன் சுமத்தலையும் அடுத்தடுத்து வைத்துவிடாதீர்கள். இரண்டிலும் விரல்களே இறுகப் பிடிப்பதால், கேன் சுமப்பவர் மூச்சு வாங்கும் முன்பே பிடி தளர்ந்து கேனை இறக்கிவிடுவார். கால்களுக்கும் முதுகிற்கும் வேலையே கிடைக்காது. தரைப்பயிற்சியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் வேறு. படுத்திருந்து சட்டென எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும். ஆறாவது நிலையத்திற்கு அடுத்து வருவது முதல் நிலையத்தின் நாற்காலி. அதைப் பற்றி எழுந்து, ஒரு கணம் அமர்ந்து, பிறகு தொடங்கலாம்.

இருவர் பகிரும் நிலையத்தில் கவனிக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. கருவியை மாற்றாமல், நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளும்படி எல்லாவற்றையும் முன்கூட்டியே பரப்பி வைத்துவிட வேண்டும். ரப்பர்ப் பட்டையை வலியவருக்காக இறுக்கிக் கட்டி, எளியவருக்காக அவிழ்த்துக் கட்டினால் நேரம் முழுவதும் முடிச்சிலேயே போய்விடும். மாறாக, ஒரே தன்மையுள்ள இரண்டு பட்டைகளைத் தூணின் இருபுறமும் கட்டி, தூணிலிருந்து ஓரடி இடைவெளியில் தரையில் நான்கு சுண்ணாம்புக் கோடுகள் கிழித்துவிடுங்கள். முதற்கோட்டில் நின்றால் பட்டை சற்றே விறைக்கும் அளவில் அது அமையட்டும். பின்னுக்குப் போகப் போகச் சுமை தானே கூடும். கேன்களையும் அவ்வாறே இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு லிட்டர் என நிரப்பி, மேலே எண் எழுதி, வரிசையாக வைத்துவிடலாம். பட்டையில் வெடிப்பு இருக்கின்றதா என்று ஒவ்வொரு நாளும் நீட்டிப் பாருங்கள். அறுந்த பட்டை முகத்தை நோக்கித்தான் வரும்.

இணை சேர்ப்பதில் வலியவரையும் எளியவரையும் கலந்து சேர்க்கலாம். நேரம் ஒன்றாகையால் ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க நேராது. 'இருவரும் சேர்ந்து அறுபது' என்பது போன்ற கூட்டுக் கணக்கு மட்டும் வேண்டா. அதில் எளியவர் தம் பங்கை அவசரப்பட்டு அரைகுறையாக முடிப்பார், அல்லது வலியவர் எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவார். கணவன் மனைவியரை ஒரே இணையாக வைப்பதிலும் நமக்கு அவ்வளவாக விருப்பமில்லை. திருத்தம் சொல்வது ஆசிரியர் பணி. அதை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டால் நிலையம் ஆறிலும் வாக்குவாதமே நடக்கும்.

நேரக் கணக்கிற்கு வருவோம். நாற்பது வினாடி உழைப்பு, முப்பது வினாடி இடமாற்றம். ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம். மூன்று சுற்றுகளும் இடையில் இரண்டிரண்டு நிமிட ஓய்வும் சேர்ந்தால் இருபத்தைந்து நிமிடம். முன்னதாக எட்டு நிமிடம் உடலைச் சூடேற்ற வேண்டும். அதற்கெனத் தனிப் பயிற்சிகள் வேண்டா. அந்த ஆறு அசைவுகளையே முதற்படியில் எல்லோரும் சேர்ந்து மெல்லச் செய்யட்டும். கற்பித்தலும் அங்கேயே முடிந்துவிடும். இறுதியில் ஐந்து நிமிடம் நடந்து தணிய வேண்டும். முதல் வாரத்தில் முப்பது வினாடி உழைப்பும் இரண்டு சுற்றும் போதும். மூன்றாவது சுற்றை இரண்டாம் வாரத்தில் சேர்த்து, நாற்பது வினாடிக்கு மூன்றாம் வாரத்தில் ஏறலாம்.

பல முகாம்களில் இடமாற்றத்திற்கு இருபது வினாடிதான் தருகின்றார்கள். இளைஞர்க்கு அது போதும். விரிப்பிலிருந்து எழுந்து வரும் பெரியவருக்குப் போதாது. ஊதல் ஒலித்த பின்னும் ஏதேனும் ஒரு நிலையத்தருகே இருவர் காத்து நிற்கக் கண்டால், இடமாற்ற நேரம் குறைவு என்று அறிந்துகொள்ளுங்கள். அவ்வேளையில் பெரியவரை விரைவுபடுத்தினால் விழுவார். பத்து வினாடியைக் கூட்டிவிடுங்கள்.

எந்தப் படி ஒருவருக்கு ஏற்றது என்று எப்படி அறிவது? எழுதல், இழுத்தல், தள்ளுதல் ஆகிய மூன்றுக்கும் எண்ணிக்கையே அளவுகோல். நிதானமாக, வடிவம் கெடாமல், நாற்பது வினாடியில் எட்டு முதல் பதினைந்து வரை வந்தால் படி சரி. ஆறுக்கும் குறைந்தால் ஒரு படி இறங்குக. பதினைந்தைத் தாண்டியும் பேச்சு தடைப்படாமல் வந்தால் ஒரு படி ஏறுக. மூன்றாம் சுற்றின் எண்ணிக்கை முதற்சுற்றைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலும் படி கடினம் என்றே பொருள். படிக்கட்டு ஏறுவதிலும் கேன் சுமப்பதிலும் பேச்சே அளவுகோல். பேச முடிகின்றது, ஆனால் பாட முடியவில்லை எனில் உழைப்பு நடுத்தரமானது. சில சொற்களுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அது கடும் உழைப்பு. இளைஞர்க்கு ஏற்கலாம், புதியவர்க்கு ஆகாது. நாடி எண்ணிப் பார்க்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. ஆனால் இரத்த அழுத்தத்திற்குத் தரும் மருந்துகளில் சில, நாடித்துடிப்பு உயராதபடி தடுப்பவை. நம் கடைக்காரர் அத்தகைய மருந்து உட்கொள்பவராயின், எவ்வளவு களைத்தாலும் நாடி மெதுவாகவே காட்டி ஏமாற்றிவிடும். பேச்சோ ஏமாற்றாது.

இப்போது ஓர் இணையைப் பின்தொடர்ந்து ஒரு சுற்று போய் வருவோம். முழங்கால் வலியுள்ள பெரியவரும், கால்பந்து ஆடும் இருபத்து நான்கு வயது இளைஞரும் இணையென்று வைத்துக்கொள்வோம். முதல் நிலையத்தில் பெரியவர் கைப்பிடி நாற்காலியில் ஒன்பது முறை எழுகின்றார். இளைஞர் கேனை அணைத்துப் பதினான்கு முறை. இரண்டாம் நிலையத்தில் கதை மாறுகின்றது. வாழ்நாளெல்லாம் கிணற்றில் நீர் இறைத்த பெரியவர் இரண்டாம் கோட்டில் நின்று பன்னிரண்டு முறை இழுக்கின்றார். காலால் மட்டுமே விளையாடிப் பழகிய இளைஞர் நான்காம் கோட்டிற்குப் போய், ஐந்து முறை இழுத்துத் தோளைக் காது வரை தூக்கிவிட்டார். அவரும் இரண்டாம் கோட்டிற்கே வரவேண்டியதுதான். படிக்கட்டில் பெரியவருக்கு முழங்கால் வலி கூடுகின்றது. உடனே தூணைப் பிடித்து நின்ற இடத்தில் நடக்கின்றார். தள்ளுதலில் அவர் சுவரில் பதினெட்டு முறை தள்ளிக்கொண்டே ஊர்க்கதையும் பேசுகின்றார்; அடுத்த சுற்றில் திண்ணைக்கு மாறியதும் பத்தில் பேச்சு நின்றுவிடுகின்றது. அதுவே அவருக்குரிய படி.

ஆகவே ஒருவரை 'எளியோர் பிரிவு', 'வலியோர் பிரிவு' என்று முழுமையாகப் பிரித்துவிடுவது தவறு. நிலையத்திற்கு நிலையம் படி வேறு. ஆசிரியரின் பட்டியலில் ஒரே தலைப்பின் கீழ் இருந்த 'முதியோர், பெண்டிர்' என்ற குறிப்பை நாம் அடித்துவிட்டோம். படிகளுக்கு எண் போதும், பெயர் வேண்டா. செய்து காட்டும்போதும் கடினமானதை முதலில் காட்டி, 'இயலாதவர்கள் இப்படிச் செய்யலாம்' என்று முடிக்காதீர்கள். இரண்டாம் படியை முதலில் காட்டுங்கள். பின் அதிலிருந்து இறங்குவதையும் ஏறுவதையும் காட்டுங்கள். முதற்சுற்றில் இளைஞர் உட்பட எல்லோரும் தத்தம் படிக்கு ஒன்று கீழேயே தொடங்கட்டும். அப்போது சுவரில் கையூன்றுபவர் தனித்துத் தெரியமாட்டார். இரண்டாம் சுற்றில் ஏறுபவர் ஏறுவார், இருப்பவர் இருப்பார்.

இளைஞர்கள் சலித்துப் போவார்கள் என்ற அச்சத்திற்கும் விடை சொல்ல வேண்டும். அவர்கள் வேகத்தைக் கூட்டத்தான் முனைவார்கள். வேகம் கூடினால் வடிவம் கெடும். தண்டாலில் இடுப்பு தொய்வதும், பஸ்கியில் முழங்கால்கள் உட்புறம் சாய்வதும் அதன் அடையாளங்கள். அவர்களை நிதானப்படுத்துங்கள். தரையை நோக்கி மூன்று எண்ணி இறங்கி, ஒன்று எண்ணி நின்று, பிறகு எழச் சொன்னால், நாற்பது தண்டால் எடுப்பதாகப் பெருமை பேசியவர் எட்டிலேயே நடுங்குவார்.

இளந்தாயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மருத்துவர் இசைவு பெற்றே அவர் தொடங்க வேண்டும். ஆறாவது நிலையத்தில் வயிற்றின் நடுக்கோட்டில் மேடுபோல் ஏதேனும் புடைத்து வந்தாலோ, கேன் சுமக்கையில் சிறுநீர் கசிந்தாலோ, அந்தப் படி அவருக்கு இன்னும் ஆகாது. இதை அவரே அறிந்து ஒரு படி இறங்கட்டும். கூட்டத்தில் கேட்கும் செய்தியன்று. முதல் நாளே பெண் ஒருவரைக்கொண்டு தனியே சொல்லிவைப்பது முறை. கடைக்காரருக்கும் ஒரு சொல்: மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளவோ தூக்கவோ கூடாது; அழுத்தம் திடீரென்று ஏறும். தள்ளும்போதும் எழும்போதும் மூச்சை வெளியே விட வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ, மயக்கமோ, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறலோ யாருக்கு வந்தாலும் பயிற்சி அத்துடன் நின்றது. அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பன்னிருவர் எல்லா நாளும் சரியாக வரமாட்டார்கள். பதின்மூவர் வந்தால் மூன்றாமவரைக் கேன் சுமக்கும் நிலையத்தில் சேர்த்துத் தொடங்குங்கள். அங்கே இடம் தாராளம். அந்த மூவரும் இழுக்கும் நிலையத்திற்கு வரும்போது, பட்டைகள் இரண்டேயாதலால் ஒருவர் அந்த முறை ஓய்வெடுக்கட்டும். சுற்றுக்குச் சுற்று ஆள் மாறலாம். ஒன்பதின்மர் வந்தால் நிலையத்தை மூட வேண்டா. மூவர் தனித்தே செய்யட்டும், நேரக் கணக்கு கெடாமல் இருக்கும்.

நான்கு வாரம் வரை நிலையங்களை மாற்றாமல் வையுங்கள். நாள்தோறும் புதுமை காட்டினால் யார் முன்னேறினார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கடைசிச் சுற்றின் படியையும் எண்ணிக்கையையும் மட்டும் குறித்தால் போதும். 'தள்ளுதல் 2 - 10' என்பதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. அடுத்தடுத்து இரண்டு நாட்கள் பதினைந்தைத் தொட்டவர் மூன்றாம் நாள் ஏறலாம். ஐந்தாம் வாரத்தில் ஒரே ஒரு நிலையத்தை மாற்றுங்கள். நம் எண்ணத்தில் முதலில் மாற்றத்தக்கது படிக்கட்டு நிலையம்: தரையில் கிழித்த கோட்டின் இருபுறமும் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து மாறுவது. அதில் இளைஞர் தாவலாம். பெரியவர் தூண் அருகே நின்று மெல்ல அடிவைக்கலாம்.